நடுக்கோடு

ரூபியின் வேலை மற்றவர் வேலையில் உள்ள குறையைக் கண்டுபிடிப்பது. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். கணவன் கஸ்பார் சுவரில் மோல்டிங் என்னும் அலங்காரப் பட்டைகளை ஒட்டி முடித்ததும் அவள் போவாள். கைவிளக்கைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடிப்பாள். நேராகப் பார்த்தால் கண்ணாடி போலத் தெரிகிற சுவரில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நிற்கும். பள்ளத்துக்குப் பட்டி வைப்பாள், மேட்டை உப்புத்தாளால் தேய்ப்பாள். மோல்டிங்கின் விளிம்பை மட்டும் தேய்க்கவே மாட்டாள். விளிம்பு மழுங்கினால் அது மோல்டிங் இல்லை, சுவரில் ஒட்டிய மெழுகுவர்த்தி என்பார் கஸ்பார்.

ஆத்தூர்ப் பக்கம் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த வீட்டுப் பெண் அவள். கல்யாணமாகித் திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்கு வந்து, மகள் ஷைனி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் தனியாக உட்காரப் பிடிக்காமல் கணவனோடு சாரத்தில் ஏறியவள். முதல் இரண்டு வருடம் பிளாஸ்டர் குழைத்துக் கொடுத்தாள். பிறகு பட்டி. கஸ்பாருக்குக் கார்னிஸ் வேலையில் நல்ல பேர் இருந்தது. கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஓடும் அந்தப் பூவேலைப் பட்டையை மூலையில் நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டிச் சேர்த்தால், சேர்ந்த இடம் எது என்று வெட்டினவருக்கே தெரியாது. சுவரின் நடுவை அவர் முதலில் கண்ணாலேயே குறிப்பார். அப்புறம்தான் டேப்பைப் பிடிப்பார். டேப்பு அநேகமாக அவர் குறித்த இடத்திலேயே வந்து நிற்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடைசி நாலைந்து வருடமாக டேப்பைப் பிடிப்பதையே விட்டிருந்தார்.

போன வருடத்துக்கு முந்தின வருட அக்டோபரில் தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு வேலை வந்தது. வீட்டுக்காரி குர்ஷித் பேகம், அறுபது வயதைத் தாண்டியவர். வாழ்நாளெல்லாம் பேகம்பூரில் ஒரு சந்துக்குள் கூட்டுக்குடும்பமாக இருந்துவிட்டு, பிள்ளைகள் கட்டிக்கொடுத்த புதுவீட்டுக்கு வந்தவர். வீட்டின் மற்ற அறைகளைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. வரவேற்பறை மட்டும் தன் விருப்பப்படி வேண்டும் என்றார்.

"எனக்கு இந்த ஒரு ரூம் மட்டும் எதிரும் புதிருமா, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கணும். அந்தப் பக்கம் என்ன இருக்கோ அதே இந்தப் பக்கமும் இருக்கணும். நாப்பது வருசமா சாமானுக்கு நடுவுலயே உக்காந்துட்டேன்" என்றார்.

வரைபடம் போட்டது இளவேனில். திண்டுக்கல்லிலேயே படித்து, கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாக இன்டீரியர் அலுவலகம் வைத்திருந்த பெண். அவள் போட்ட படத்தை ரூபிக்கும் பிடித்துப்போனது. பதினெட்டு அடி நீளச் சுவர் இரண்டு, எதிரெதிராக. ஒவ்வொன்றிலும் மோல்டிங்கால் ஐந்து சட்டங்கள். நடுவில் அறுபத்து நாலு அங்குலத்தில் பெரியது, அதன் இரு பக்கமும் முப்பத்திரண்டு அங்குலத்தில் இரண்டிரண்டு. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் நாலு அங்குலம், இரண்டு மூலைகளிலும் அதே நாலு அங்குலம். கீழே தரையோரம் ஆறு அங்குல ஸ்கர்ட்டிங் பட்டை. மேலே கார்னிஸ். கார்னிஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளிச்சம் கூரை முழுக்கச் சமமாகப் பரவ வேண்டும். நடுச்சட்டத்தை ஒட்டிய இரண்டு சட்டங்களின் மையத்திலும் ஒரு சுவர்விளக்கு. எலக்ட்ரீசியன் அளவு வைத்து வயரை ஏற்கெனவே வெளியே இழுத்து வைத்திருந்தார்.

"கஸ்பார் அண்ணே, இந்த ரூம்ல அரை இஞ்சு தப்புனாலும் காட்டிக்கொடுத்துரும். லைட்டு, சட்டம், கூரை மூணும் ஒரே நடுவுல இருந்து கிளம்புது" என்றாள் இளவேனில்.

"கவலப்படாதீங்க மேடம். நடு எங்க இருக்குன்னு செவுரு என்கிட்ட சொல்லும்" என்றார் கஸ்பார்.

கார்னிஸ் வேலை பத்து நாளில் முடிந்தது. ரூபி சாரத்தில் ஏறிப் பார்த்தபோது இரண்டு மூலைகளில் இணைப்பு லேசாக வாய் பிளந்திருந்தது. அவர் கைக்கு அது புதிது. ஆனாலும் பட்டியில் அடங்குகிற குறைதான். பிளாஸ்டரைக் குழைத்து, சின்னக் கரண்டியால் பூவேலையின் வளைவுகளைத் திரும்ப இழுத்துச் சரிசெய்தாள். இரண்டுமே அவர் நின்ற இடத்துக்கு இடது பக்கமாக வந்த மூலைகள். அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

முதல் நீளச்சுவரில் சட்டம் ஒட்டிய அன்று அவர் தலைவலி என்று மூன்று மணிக்கே எழுந்துவிட்டார்.

"நா வீட்டுக்குப் போறேன். நீ ஆணி ஓட்டையெல்லாம் அடைச்சிட்டு வா" என்றார்.

ரூபி சுவருக்கு எதிரே போய் நின்றாள். என்னவோ சரியில்லை. வலது மூலையில் சட்டம் மூலையை முட்டுவது போல நின்றது. டேப்பை வைத்தாள். இரண்டரை அங்குலம். இடது மூலையில் ஐந்தரை. சுவர்விளக்கு வயர் சட்டத்தின் மையத்தில் வராமல் ஒன்றரை அங்குலம் இடது பக்கம் ஒதுங்கி நின்றது. சட்டங்களின் அளவில் பிழையில்லை, இடைவெளிகளில் பிழையில்லை. நடுக்கோடே ஒன்றரை அங்குலம் வலது பக்கம் போயிருந்தது.

கஸ்பார் வாசலில் வண்டியைக் கிளப்பப் போனார். ஓடிப்போய் நிறுத்தினாள்.

"ஏங்க, வலது மூலைல கம்மியா இருக்கே. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

அவர் வந்து வலது மூலையைப் பார்த்தார். "கட்டுனவன் செவுத்தை இழுத்துட்டான். ரெண்டு பக்கமும் இம்புட்டுத்தான் வரும்."

"அந்தப் பக்கம் கூட இருக்குங்க. வயரும் மத்தியில வரலயே."

"எலக்ட்ரீசியன் தப்பா எடுத்துருக்கான்." குரல் உயர்ந்தது. "நடு எனக்குத் தெரியாதா ரூபி? நேத்து வந்தவ மாதிரி பேசுற?"

இத்தனை வருடத்தில் வேலை இடத்தில் அவர் அவளைக் கடிந்து பேசியதே இல்லை. வண்டி போனதும் அறைக்குத் திரும்பி, சற்று நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பசை இன்னும் இறுகவில்லை. இன்று பிரித்தால் பிரிக்கலாம், நாளை என்றால் சுவர்ப்பூச்சோடுதான் வரும்.

கரண்டியை மோல்டிங்குக்கு அடியில் நுழைத்து ஒவ்வொன்றாக நெம்பினாள். இருபது துண்டுகள். ஒடியாமல் எடுப்பதுதான் பெரும்பாடு. சுவரை டேப்பு வைத்து அளந்து நடுவைக் குறித்தாள். லேசர் கருவியின் ஒளிக்கோட்டை அந்தக் குறியில் நிறுத்தி, நடுவிலிருந்து வெளியே பார்த்து ஒவ்வொரு சட்டமாகத் திரும்ப ஒட்டினாள். பழைய பசைத் தடத்தைச் சுரண்டிப் பட்டி இழுத்தாள். இருட்டுவதற்குள் முடிந்தது. நாலு அங்குலம், நாலு அங்குலம். வயர் மையத்தில் வந்து நின்றது.

மறுநாள் காலையில் கஸ்பார் நேராக வலது மூலைக்குப் போய்க் கையால் தடவிப் பார்த்தார்.

"சரியாத்தான இருக்கு. நேத்து உனக்குத்தான் கண்ணு ஏமாத்திருக்கு" என்று சிரித்தார்.

ரூபியும் சிரித்துவைத்தாள்.

அவள் மனதில் ஓடியது வேறு. கஸ்பார் ஒரு காலத்தில் குடித்தவர். ஷைனி பத்தாவது படிக்கும்போது வியாகுல மாதா கெபிமுன் சத்தியம் செய்து விட்டவர். திரும்பத் தொட்டுவிட்டாரோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. மதியம் அவர் அசந்து தூங்கும்போது குனிந்து வாயை முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. வண்டியின் டப்பாவில் தேடினாள். ஆக்சா பிளேடும் ஆணியும்தான் இருந்தன. குடி இல்லை என்றதும் வந்த நிம்மதியில், அப்படியானால் வேறு என்ன என்று கேட்க அவள் மறந்துபோனாள். வயதாகிறது, நாற்பத்தெட்டு ஆகிறது, கண்ணாடி போடச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார் என்று முடித்துக்கொண்டாள்.

எதிர்ச்சுவரில் இன்னும் சுலபமாகச் செய்தாள். அவர் பென்சிலால் நடுவைக் குறித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, டேப்பை நீட்டினாள். அதே ஒன்றரை அங்குலம், அதே வலது பக்கம். அவர் குறியை உப்புத்தாளால் அழித்துவிட்டு, அவர் போடுவது போலவே அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். திரும்பி வந்தவர் அந்தக் கோட்டில் லேசரை நிறுத்தி வேலையைத் தொடங்கினார். மூன்றாவதான குறுக்குச் சுவரிலும் அப்படியே.

இடது பக்கத்து இணைப்புகள் அடைபடாமல் கிடந்தன. இடது பக்கத்து ஆணிகள் பாதி வெளியே நின்றன. அவர் இறங்கிப் போன பிறகு அவள் ஏறினாள். புருசனுடைய பேர் கெட்டுவிடக்கூடாது என்பது ஒன்றுதான் நினைப்பு. வேலை இடத்துக் குறையை மூடுவது அவளுக்குக் கை வந்த காரியம். அதைத்தான் செய்தாள்.

வீட்டிலும் ஏதேதோ நடந்தது. தட்டில் வலது பக்கத்துச் சோறு காலியாகும், இடது பக்கம் வைத்த வெஞ்சனம் அப்படியே கிடக்கும். "கீரை பிடிக்கலையா?" என்பாள். "வச்சியா?" என்பார். சவரம் செய்தால் இடது கன்னத்தில் ஒரு பட்டை மிஞ்சும். அறைக்குள் நுழையும்போது இடது தோள் நிலையில் இடிக்கும். வண்டியின் இடது பக்கம் இரண்டு முறை உரசியிருந்தது. தட்டைத் திருப்பி வைத்துப் பழகிக்கொண்டாள். மிஞ்சிய தாடி மயிரைக் கத்திரிக்கோலால் அவளே வெட்டிவிட்டாள். காலையில் தலைவலி என்றால் மாத்திரை கொடுத்தாள்.

நவம்பர் கடைசியில் பெயிண்ட் வேலையும் முடிந்தது. பழைய வெள்ளை, பளபளப்பு இல்லாதது. விளிம்புகளில் பெயிண்ட் தேங்கி உறையாமல் ரூபி ஒவ்வொரு பள்ளத்திலும் சின்னப் பிரஷை ஓட்டி வடித்திருந்தாள். மாலை ஆறு மணிக்கு எல்லாரையும் உள்ளே நிறுத்திவைத்து இளவேனில் சுவிட்சைப் போட்டாள்.

கார்னிஸுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கூரை முழுதும் வழிந்து பரவியது. எந்த மூலையிலும் இருட்டு இல்லை, எந்த இடத்திலும் திட்டு இல்லை. சட்டங்களின் ஓரம் ஒவ்வொன்றும் பிளேடால் கீறியது போல மெல்லிய நிழலோடு நின்றது. சுவர்விளக்குகள் எதிரெதிராக, கண்ணாடியில் பார்ப்பது போல. குர்ஷித் பேகம் நடுவில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அல்லா... இதுல சாமானே வைக்க வேணாம்போல இருக்கே" என்றார்.

இளவேனில் லேசரை வைத்து மூன்று சுவரையும் ஓட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஒரு நூல்கூடத் தப்பல. கோயம்புத்தூர்ல இப்படி ஒரு ஆள் கிடைக்கல எனக்கு" என்றாள். படம் எடுத்து நெட்டில் போட்டாள். அந்தப் படத்தைப் பார்த்து அந்த வாரமே மூன்று பேர் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கஸ்பார் சொன்னார்: "இந்த மாதிரி ஒண்ணு நா பண்ணினதே இல்ல ரூபி. பண்ணும்போது என்னமோ தலையெல்லாம் பாரமா இருந்துச்சு. கை தானா போயிருக்கு பாரேன்."

பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள்.

ஜனவரியில் ஒட்டன்சத்திரத்தில் ஒரு வீட்டு வேலை. காலை பதினொரு மணி. ஏணியில் இரண்டாவது படியில் நின்றிருந்த கஸ்பாரின் இடது கை தானாக வெட்டி இழுக்கத் தொடங்கியது. பிறகு முகம். பிறகு உடம்பு முழுக்க. ரூபி தாங்கிப் பிடிப்பதற்குள் தரையில் கிடந்தார். வீட்டுக்கார முத்துச்சாமி கவுண்டர் தன் காரிலேயே திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். "ஏனுங்கம்மா, இதுக்கு முன்னால இப்படி வந்திருக்குதுங்களா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வந்ததில்லை என்றாள். அங்கே ஸ்கேன் எடுத்து, அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் பார்த்த டாக்டர் நடுவயதுப் பெண். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். கஸ்பார் தெளிவாகத்தான் இருந்தார். டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டு, பென்சிலை அவர் கையில் கொடுத்தார்.

"இந்தக் கோட்டுக்கு நடுவுல ஒரு குறி போடுங்க பாப்போம்."

கஸ்பாருக்குச் சிரிப்பு வந்தது. "இதுதான் மேடம் என் பொழப்பே" என்றார். கண்ணைச் சுருக்கி ஒருமுறை பார்த்து, அழுத்தமாகக் குறித்தார்.

குறி வலது பக்கம் தள்ளி விழுந்திருந்தது. கட்டிலின் காலடியில் நின்ற ரூபிக்கு டேப்பு தேவைப்படவில்லை.

"இன்னொண்ணு" என்று டாக்டர் வேறொரு கோடு போட்டார். அதிலும் வலது பக்கம். மூன்றாவதிலும்.

டாக்டர் ரூபியை வெளியே கூட்டிப்போனார். மூளையின் வலது பக்கம் கட்டி இருப்பதாகவும், அதனால் அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் படவில்லை என்றும், கண்ணில் கோளாறு இல்லை என்றும், தனக்கு அப்படி இருப்பது அவருக்கே தெரியாது என்றும் நிதானமாகச் சொன்னார். "இடது பக்கம் இடிச்சுக்கிட்டது, சாப்பாட்டை மிச்சம் வச்சது, அந்த மாதிரி எதாவது கவனிச்சீங்களாம்மா?"

ரூபி சொன்னாள். தட்டு, கன்னம், நிலைப்படி, வண்டி. சுவரைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் அதையும் சொன்னாள். மூன்று சுவரிலும் நடுக்கோடு ஒரே பக்கமாகப் போனது, அவள் பிரித்து ஒட்டியது, அழித்துப் போட்டது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இது எப்போ?"

"அக்டோபர்ல, மேடம்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"அப்பவே கூட்டியாந்திருந்தா?"

"இது வேகமா வளர்ற கட்டிம்மா. மூணு மாசம் முந்தி வந்திருந்தா கொஞ்ச நாள் கூடக் கிடைச்சிருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். என்னால சொல்ல முடியாது."

திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள். இல்லை, உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார். ரூபி அந்த நடையில் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

தலையைத் திறந்து எடுத்தவரை எடுத்தார்கள். கதிர்வீச்சு வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை பார்த்த ஷைனி விடுப்பு போட்டுவிட்டு வந்து இரண்டு மாதம் உடன் இருந்தாள். ஏப்ரலில் கஸ்பாரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடது கையும் காலும் சரியாக வரவில்லை. பேச்சு மட்டும் தெளிவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ரூபி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கதவருகே ஷைனி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரூபி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்த டாக்டரம்மா கோடு போடச் சொன்னாங்கள்ல. அதைப் படுத்துக்கிட்டே யோசிச்சேன். நா வலது பக்கமாத்தான் குறிப்பேனாம். எத்தன மாசமா அப்படின்னு யோசிச்சேன்." மூச்சு வாங்கினார். "அப்போ பேகம் அம்மா வீட்டுச் செவுரு எப்படிச் சரியா வந்துச்சு?"

கரண்டி அவள் கையில் நின்றது.

"லேசர் வச்சுப் பாத்தாங்களே. ஒரு நூல் தப்பலயே. எப்படி ரூபி?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. அதைக் கடந்து போகவிட்டாள். "நா மாத்தி ஒட்டினேங்க" என்றாள். "உங்க குறிய அழிச்சிட்டு நா போட்டேன்."

"மூணு செவுருமா?"

"மூணும்."

அவர் முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டார். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். "எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல" என்றார்.

"பேர் கெட்டுருமேன்னு..."

"பேரு!" என்றார். அவ்வளவுதான். மீதிக் கஞ்சியைக் குடிக்கவில்லை.

ஷைனி மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

இரண்டு நாள் அவர் ரூபியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டார். கோபம் ஆறியதா, பேசத் தெம்பில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சை இருவரும் திரும்ப எடுக்கவேயில்லை. ஒரே ஒருமுறை, ஜூலையில், அவள் அவருக்குத் தலை துடைத்துவிடும்போது, "இருபது துண்டையும் ஒடியாமலா எடுத்த?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். "கெட்டிக்காரிதான்" என்றார். குரலில் பாராட்டு இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை அவள் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

செப்டம்பரில், ஆரோக்கிய மாதா திருவிழா முடிந்த நாலாம் நாள் விடிகாலையில் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு இளவேனில் வந்தாள். குர்ஷித் பேகமும் வந்தார். கல்லறையிலிருந்து திரும்பியதும் ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தினம் அந்த ரூம்ல உக்காரும்போது உங்க வீட்டுக்காரரைத்தான் நெனச்சுக்குவேன் ரூபிம்மா. அவர் கைய அல்லா நல்லா வச்சிருக்கணும்" என்றார். ரூபி சரிங்கம்மா என்றாள்.

ஷைனியின் கோபம்தான் நீண்டது. சத்தம் போட்டிருந்தால் ஒருவழியாக ஓய்ந்திருக்கும். அவள் ஒரே ஒருமுறைதான் கேட்டாள், முப்பதாம் நாள் பூசை அன்று: "எங்கிட்டயாவது ஒரு போன் பண்ணிச் சொல்லணும்னு தோணலையாம்மா? அப்பா ஒரே பக்கமா தப்புப் பண்றாருன்னு?" அதன் பிறகு கோயம்புத்தூர் போய்விட்டாள். வாரம் ஒருமுறை போன் வரும். சாப்டியா, சாப்டேன். மழையா, இல்லை. கிறிஸ்துமசுக்கு வந்தாள், மறுநாளே கிளம்பினாள். பஸ் ஏறும்போது ரூபி தலையைத் தடவ நீட்டிய கையை, பையை மாற்றிப் பிடிப்பது போல ஒதுங்கித் தவிர்த்தாள்.

ரூபி வேலையை விடவில்லை. இளவேனில்தான் கூப்பிட்டாள், பட்டி வேலைக்கு இல்லை, மோல்டிங் ஒட்டவே. "நீங்க ஒட்டினா சரியா வரும்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள். எவ்வளவு தெரியும் என்று ரூபி கேட்கவில்லை. பட்டி பார்க்க அன்புக்கரசி என்று ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டாள். அவளிடம் ரூபி சொன்னது ஒன்றுதான்: "நா ஒட்டினதுல எது தப்பா இருந்தாலும் என்னைக் கூப்ட்டுக் காட்டு. நீயா சரிபண்ணாத." அன்புக்கரசி ஒருநாள் மூலை இணைப்பு ஒன்றைக் கேட்காமல் அடைத்துவிட்டதற்கு, ரூபி போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டைல்ஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். பிறகு தானே வெட்கப்பட்டு, அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

தாடிக்கொம்பு ரோட்டு வீட்டுக்கு அவள் திரும்பப் போனதில்லை. நோன்புப் பெருநாளுக்கு குர்ஷித் பேகம் சொல்லியனுப்பினார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

இந்த ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை ஷைனி போனில் பேச்சுவாக்கில் சொன்னாள், நாலைந்து நாளாகத் தலை வலிக்கிறது, கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து இருக்கும் என்று. ரூபி போனை வைத்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் இறங்கினாள். மில் வாசலில் வேலைச் சட்டையோடு நின்ற அம்மாவைப் பார்த்து ஷைனி திடுக்கிட்டுப் போனாள்.

"தலைவலிதாம்மா! அதுக்குப்போயி?"

"கிளம்பு. ஆசுபத்திரிக்குப் போவோம்."

"சனிக்கிழமை போறேன்."

"இப்பவே. நா உன் காலுல விழணுமா?"

ஷைனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வேறு பேச்சில்லாமல் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள்.

ஆசுபத்திரி நடையில் காத்திருந்தபோது ரூபி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது தோள் எதிலாவது இடிக்கிறதா, இடது பக்கம் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கிறாளா என்று. கையில் இருந்த சீட்டில் ஒரு கோடு போட்டு நடுவைக் குறிக்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, கண்ணில் பவர் கூடியிருக்கிறது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்தார். ரூபி இரண்டு முறை கேட்டாள். வேறு ஒன்றும் இல்லையா, ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று. அவர் பொறுமையாக, வேண்டாம் என்றார்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் ரூபிக்கு அடக்கமுடியாமல் அழுகை வந்தது. கஸ்பார் இறந்த அன்றுகூட இப்படி அழவில்லை. போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷைனி மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காய்ப்புக் காய்த்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழாதம்மா. கண்ணாடிதான்" என்றாள்.

ரூபி தலையாட்டினாள். திண்டுக்கல் போகும் மூன்று மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவரும் எழுந்து கண்ணாடிக் கடையைத் தேடி நடந்தார்கள்.